அழலும் நிழலும்

ஆசிரியரிடத்து மாணாக்கன் எவ்வாறு ஒழுக வேண்டும் என்ற வினாவிற்குத் தமிழில் முறைப்பட விடை கூறும் பழைய நூல்களில் முதலில் நினைவிற்கு வருவது நன்னூலின் பொதுப்பாயிரமாகும். பதின்மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், சீயகங்கன் என்னும் சிற்றரசன் வேண்ட, பவணந்தி முனிவர் இயற்றிய இலக்கணம் அது. எழுத்தையும் சொல்லையும் பற்றிப் பேசத் தொடங்குமுன், நூல் என்பது யாது, அதனைக் கற்பிப்பவன் யார், கற்பிக்கும் முறை யாது, கற்பவன் யார், அவன் கற்கும் முறை யாது என்னும் ஐந்தையும் அவர் வரையறுக்கிறார். ஈற்றில் நிற்கும் ‘கோடல் மரபு’ என்னும் பகுதியே நாம் இங்கு எடுத்துக்கொள்வது. இதனைத் தமிழ் வகுப்புகளில் மனப்பாடம் செய்யாதார் குறைவு. முழுவதையும் நினைவில் வைத்திருப்போரோ அதனினும் குறைவு. பலருக்கும் நினைவில் நிற்பது அதன் முற்பாதி மட்டுமே. அந்த முற்பாதி எம்போன்ற ஆசிரியர்க்கு மிகவும் வசதியாக இருப்பதே அதற்குக் காரணம் எனலாம்.

முற்பாதி கூறுவது இது. மாணாக்கன் காலம் அறிந்து ஆசிரியரிடம் செல்ல வேண்டும். வழிபடுவதில் வெறுப்புக் கொள்ளலாகாது. அவருடைய குணம் அறிந்து பழகி, குறிப்பறிந்து நடக்க வேண்டும். இரு என்றால் இருந்து, சொல் என்றால் சொல்லி, போ என்றால் போக வேண்டும். பாடம் நடக்கும்போது எழுதிய சித்திரம் போல அசையாதிருந்து, நீர் வேட்கை கொண்டவன் பருகுவது போன்ற ஆர்வத்துடன், காதையே வாயாகவும் நெஞ்சையே கொள்ளும் இடமாகவும் கொண்டு கேட்டவற்றை விடாது அமைத்துக்கொள்ள வேண்டும். இவ்வளவில் நிறுத்திவிட்டால், கைகட்டி வாய்பொத்தி நிற்கும் உருவம் ஒன்றே நம் கண்முன் எழுகிறது.

அந்த உருவம் எம் மலைநாட்டில் வேறோர் இடத்திலிருந்தும் வருகிறது. ஒன்பது குன்றுகள் என்று சிங்களத்தில் பெயர் பெற்ற நமுனுகுல மலைத்தொடரின் சரிவுகளில், பசறைப் பக்கமாக இறங்கும் தேயிலைத் தோட்டங்களில் பிறந்து வளரும் பிள்ளைகளுக்கு நாம் தமிழ் கற்பிக்கிறோம். இவர்களுடைய பாட்டன்மார் துரை வரும் பாதையில் ஒதுங்கி நின்றவர்கள். குடையை மடக்கித் தலைத்துண்டை இடுப்பில் கட்டியவர்கள். கங்காணி அழைத்தால் ஓடியும், பெரட்டுக்களத்தில் பெயர் வாசிக்கும்போது தலைகுனிந்தும் நின்றவர்கள். 1920ஆம் ஆண்டின் கல்விச் சட்டம் தோட்டத்துப் பிள்ளைகளுக்குப் பள்ளி வைக்கும் கடமையைத் தோட்ட நிருவாகத்தின்மேல் சுமத்தியது. 1970களின் பிற்பகுதியில் அரசு அப்பள்ளிகளைப் பொறுப்பேற்கத் தொடங்கும் வரையில், ஆசிரியருக்குச் சம்பளம் கொடுத்ததும் துரையின் அலுவலகமே. பள்ளி என்பது பெரும்பாலும் ஓரறை, ஓராசிரியர். அந்த ஓராசிரியரையும் பிள்ளைகள் துரைக்குக் கீழும் கங்காணிக்கு மேலுமாக ஒரு படியில் வைத்துப் பார்த்தனர் என்பதில் வியப்பில்லை. தோட்டத்தின் அதிகார ஏணியில் வைத்த பயமும், நன்னூல் கூறிய வழிபாடும் அந்த ஓரறையில் ஒன்றாகக் கலந்துபோயின. இன்றும் வகுப்பறையுள் நாம் நுழைந்தவுடன் எழுகின்ற பேரமைதியில் எது எவ்வளவு என்று பிரித்தறிவது எளிதன்று.

பிரித்தறிய ஒரு வழியை நாம் கண்டோம். பத்தாம் வகுப்பில் முப்பத்திரண்டு பேர். லகர ஈற்றுப் புணர்ச்சி நடந்துகொண்டிருந்தது. பல் என்பதோடு பொடி சேர்ந்தால் பற்பொடி ஆகும் என்று முதல் நாள் விளக்கியிருந்தோம். மறுநாள் வேண்டுமென்றே கரும்பலகையில் ‘பல்ப்பொடி’ என்று பெரிதாக எழுதி, எழுதிக்கொள்ளுங்கள் என்றோம். முப்பத்திரண்டு தலைகளும் குனிந்தன. ஒருவரும் வாய் திறக்கவில்லை. நாம் மேசைகளின் இடையே நடந்து சென்றபோது, இரண்டாம் வரிசையில் ஒரு மாணவி எழுதியதை இடக்கையால் மறைத்தாள். கையை எடுக்கச் சொன்னோம். அவள் ‘பற்பொடி’ என்று சரியாகவே எழுதியிருந்தாள். சரியானதை எழுதியதற்காகவே அவள் அஞ்சினாள்.

“ஏன் சொல்லவில்லை?” என்று கேட்டோம்.

“சேர் எழுதினது பிழைன்னு எப்படி சேர் சொல்றது? பெரியவங்க சொன்னா மறுத்துப் பேசக்கூடாதுன்னு அம்மா சொல்லியிருக்கு” என்றாள்.

அவளுடைய தாய் மலையில் கொழுந்து பறிப்பவள். மறுத்துப் பேசினால் என்ன நேரும் என்பதைக் கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் கற்றவள். அந்தப் படிப்பைத்தான் அவள் மகளுக்கும் கொடுத்தனுப்பியிருந்தாள். ஆனால் நாம் அந்த வகுப்பில் நடத்தியது நன்னூல். மடுவத்துப் பாடம் அன்று.

ஆகவே அடுத்த வகுப்பில் இலக்கணத்தை நிறுத்திவிட்டு, கோடல் மரபின் பிற்பாதியை எடுத்துக்கொண்டோம். நூல் பயிலும் இயல்பு என்று பவணந்தியார் அங்கே ஒரு பட்டியல் தருகிறார். உலக வழக்கை அறிதல், பாடத்தைப் போற்றுதல், கேட்டதைச் சிந்தித்தல், ஐயமுற்றவற்றை மீண்டும் ஆசிரியரிடம் சென்று தெளியக் கேட்டல், தன்னை ஒத்த மாணாக்கரோடு பயிலுதல், வினாவுதல், பிறர் வினவியவற்றிற்கு விடை கூறுதல் ஆகியன அவை. இவற்றைக் கடமையாகக் கொண்டால்தான் அறியாமை நீங்கும் என்கிறார். கடமை என்பதை நாம் அழுத்திச் சொல்ல வேண்டியுள்ளது. வினவுதல் மாணாக்கனுக்குத் தரப்பட்ட சலுகை அன்று. ஆசிரியர் நல்ல மனநிலையில் இருக்கும்போது அனுமதிக்கும் விளையாட்டும் அன்று. வணக்கம் எப்படி ஒழுக்கமோ, அப்படியே வினாவும் ஒழுக்கம். சித்திரம் போல் அசையாதிருக்கச் சொன்னது கேட்கும் பொழுதிற்கு மட்டும். கேட்டு முடித்த பின்னும் சித்திரமாகவே இருப்பவன் மரபைக் காத்தவன் ஆகான். மரபில் பாதியைக் கைவிட்டவனே ஆவான்.

இதற்கு அடுத்து நன்னூலில் வருவது ஒரு கணக்கு. ஆசிரியர் சொன்னதை எவ்வளவு நன்றாகக் கொண்டாலும், மாணாக்கனுக்குப் புலமையில் காற்பங்குதான் கிட்டும். உடன் பயில்வோருடன் ஆராய்வதால் இன்னொரு காற்பங்கு கிட்டும். தான் பிறர்க்கு எடுத்துரைப்பதாலேயே எஞ்சிய அரைப்பங்கும் நிறையும். எட்டு நூற்றாண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஒரு முனிவர், ஆசிரியரின் பங்கு நான்கில் ஒன்று என்று ஆசிரியர்களுக்கே எழுதிவைத்திருக்கிறார்! எமது பாடவேளை நாற்பது நிமிடம். நாம் முப்பத்தைந்து நிமிடம் பேசி, ஐந்து நிமிடம் வருகைப் பதிவேட்டைப் பார்த்தால், அக்கணக்கின்படி மாணவருடைய முக்காற் பங்கையும் நாமே உண்டுவிட்டோம் என்றுதான் பொருள்.

நாற்பது நிமிடத்தை அவர் பங்கிட்டபடியே பங்கிட்டுப் பார்த்தோம். பத்து நிமிடம் நாம் விளக்கினோம். பத்து நிமிடம் நால்வர் நால்வராக அமர்ந்து அவர்கள் ஆராய்ந்தார்கள். இருபது நிமிடம் ஒருவர் பின் ஒருவராக எழுந்து மற்றவர்க்குச் சொன்னார்கள். முதல் வாரம் குழப்பமே மிஞ்சியது. எட்டுக் குழுக்களில் மூன்றில் குரல் பெரிய ஒருவனே பேசினான். ஏனையோர் அவனுக்குக் கைகட்டினர். எமக்குக் காட்டிய பயத்தை அப்படியே அவனுக்கு மாற்றிக் கொடுத்ததன்றி வேறொன்றும் நடக்கவில்லை. ஒரு குழுவில் தவறான விதி ஒன்று பிறந்து, மறுநாளைக்குள் மூன்று குழுக்களுக்குப் பரவியிருந்தது. லகரம் எங்கே வந்தாலும் றகரமாகும் என்பது அவர்கள் கண்ட விதி. பின்னால் வருவது வல்லினமா என்பதை அவர்கள் பார்க்கவில்லை. ஆகையால் கல் என்பதோடு மலை சேர்ந்தால் ‘கற்மலை’ என்று எழுதினார்கள். மெல்லினம் வந்தால் கன்மலை ஆவதை அவர்கள் அறிந்திருக்கவில்லை.

இத்தகைய பிழையைக் கண்டுபிடிக்கவும் நன்னூலே உதவியது. மாணாக்கரைப் பவணந்தியார் எட்டு உவமைகளால் வகுக்கிறார். பாலையும் நீரையும் பிரிக்கும் அன்னமும், கண்ட புல்லை மேய்ந்து பின் ஓரிடத்தில் கிடந்து அசைபோடும் பசுவும் முதல் வகை. உழைப்புக்கு ஏற்ற விளைவு தரும் மண்ணும், சொல்லிக் கொடுத்ததை மட்டும் சொல்லும் கிளியும் இடை வகை. ஓட்டைக் குடம், ஓரிடத்தில் நிலையாது நுனி கடிக்கும் ஆடு, குளத்தைக் கலக்கும் எருமை, நெய்யை விட்டுக் கசடைப் பிடிக்கும் நெய்யரி ஆகியவை கடை வகை. (நெய்யரி எமது பிள்ளைகளுக்குத் தெரியாது. தேயிலை வடிகட்டி என்றதும் வகுப்பே சிரித்தது. ஒவ்வொருவனும் பக்கத்தில் இருந்தவனைப் பார்த்தான்.) கிளிக்கும் பசுவுக்கும் உள்ள வேறுபாடே எமக்குப் பயன்பட்டது. பல் என்றால் பற்பொடி என்று சொல்பவன் கிளியாகவும் இருக்கலாம், பசுவாகவும் இருக்கலாம். புத்தகத்தில் இல்லாத ஒரு சொல்லைக் கொடுத்தால்தான் தெரியும். நெல்லும் பயிரும் சேர்த்துக் கேட்டோம், நெற்பயிர் வந்தது. முள்ளும் செடியும் சேர்த்துக் கேட்டோம், சிலர் திகைத்தனர். பின்வரிசையில் ஒருவன், ளகரமும் இதே போல் மாறும் போலும் என்று தானே ஊகித்து ‘முட்செடி’ என்றான். அவன் அசைபோட்டிருக்கிறான். இன்னொருவன் எழுந்து, “சேர், அப்ப கால்பந்துன்னு பத்திரிகைக்காரங்க எழுதுறது பிழையா? காற்பந்துன்னு தானே வரணும்?” என்று கேட்டான். விதிப்படி காற்பந்துதான்; ஆயினும் கால்பந்து என்று எழுதுவோர் ஏராளம். நூல் பயிலும் இயல்புகளில் வழக்கறிதலைப் பவணந்தியார் முதலில் வைத்தது ஏன் என்பதை விளக்க, இதைவிட நல்ல வாய்ப்பு எமக்குக் கிடைத்திராது.

இனி அச்சத்திற்கு வருவோம். நன்னூலில் அச்சமே இல்லை என்று சொல்வது நேர்மையாகாது. மாணாக்கன் ஆசிரியரிடம் நிற்க வேண்டிய தொலைவை அந்நூல் நெருப்பை வைத்துச் சொல்கிறது. குளிர்காய்பவன் நெருப்பை விட்டு விலகவும் மாட்டான். அஞ்சி, மிக அணுகவும் மாட்டான். இவ்வுவமை சமவெளியில் வாழ்பவரைவிட எம் பிள்ளைகளுக்கு நன்கு விளங்கும். மார்கழி விடியலில் மூடுபனி லயத்து வாசலை மறைத்து நிற்கும்போது, அடுப்பங்கரையில் கை நீட்டி உட்கார்ந்து எழுந்து பள்ளிக்கு வருபவர்கள் அவர்கள். எவ்வளவு அருகில் உட்கார வேண்டும் என்பதைக் கை தானே கண்டுகொள்ளும். அங்கே உள்ள அச்சம் நெருப்பு தேவைப்படுபவனின் அச்சம். அது அவனை ஓடச் செய்வதில்லை. தக்க இடத்தில் உட்காரச் செய்கிறது. துரையைக் கண்டு தேயிலைச் செடிக்குப் பின்னால் மறைபவனின் அச்சம் வேறு. பிள்ளை எம்மை நோக்கி வருகிறதா, எம்மைக் கண்டு விலகுகிறதா என்பதே இரண்டையும் பிரிக்கும் அளவுகோல். அவ்வுவமையின் மறுபாதியையும் சேர்த்துப் பார்த்தால் பொருள் இன்னும் தெளிவாகும்: மாணாக்கன் நிழலைப் போல் நீங்காதிருக்க வேண்டும் என்கிறது நூல். அஞ்சி ஓடுபவன் நிழலாக இருக்க முடியாதன்றோ?

அச்சம் விளைப்பவனைப் பற்றியும் அந்நூலுக்குக் கருத்து உண்டு. யார் யார் ஆசிரியராகத் தகுதியற்றவர் என்னும் பட்டியலில் பொறாமை, பேராசை, வஞ்சகம் என்பவற்றோடு, கேட்போர்க்கு அச்சம் உண்டாகப் பேசுதலையும் பவணந்தியார் வைத்திருக்கிறார். பிரம்பைப் பற்றி அவர் தனியே பேசவில்லை. ஆனால் அஞ்சவைக்கும் பேச்சே ஒருவனை ஆசிரியன் என்ற பெயரிலிருந்து நீக்கும் என்றால், பிரம்பைப் பற்றி வேறு சொல்ல வேண்டுமோ? இலங்கைக் கல்வி அமைச்சு 2005ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கச் சுற்றறிக்கையால் பள்ளிகளில் உடல் தண்டனையை விலக்கியது. பிரம்பை விட்டால் மரியாதை போய்விடும், பழந்தமிழ் மரபு அழிந்துவிடும் என்று ஆசிரியர் ஓய்வறைகளில் இன்றும் பேசக் கேட்கிறோம். அந்த மரபின் ஏட்டைத் திறந்து பார்க்காமலே பேசுகிறார்கள்.

வழிபாட்டுக்கு நன்னூல் இட்ட எல்லை இவை எல்லாவற்றினும் முதன்மையானது. ஆசிரியர் எவ்வாறு நடந்தால் மகிழ்வாரோ அவ்வாறு நடக்க வேண்டும் என்று கூறும் அதே தொடரில், அறத்தினின்று பிறழாத வகையில் என்ற சொற்களையும் அது சேர்க்கிறது. அச்சொற்களை நீக்கினால் மிஞ்சுவது அடிமை ஓலை. நாம் அறிந்த ஒரு தோட்டத்துப் பள்ளியில் ஆசிரியர் ஒருவர் இருந்தார். பெரிய வகுப்புப் பையன்களைப் பாடவேளையிலேயே அனுப்பித் தம் வீட்டிற்கு விறகு சுமக்கச் செய்வார். பெற்றோர் ஒருவர் தயங்கித் தயங்கிக் கேட்டபோது, ஆசான் மகிழ்வதே மாணவனுக்கு அறம் என்று நன்னூலையே சான்று காட்டினார். சூத்திரத்தின் ஒரு பாதி அவருக்குப் பாடமாக இருந்தது. விறகு சுமந்தவர்களில் இருவர் சாதாரண தரத் தேர்விற்கு அமராமலே கொழும்பில் கடைச்சிப்பந்தி வேலைக்குப் போய்விட்டார்கள்.

இந்த எல்லை தமிழுக்கு மட்டும் உரியதன்று. ஆசிரியரைத் தெய்வமாகக் கொள் என்று கூறும் தைத்திரீய உபநிடதத்தின் அதே பகுதி, எம்முடைய செயல்களில் நல்லனவற்றையே பின்பற்று, மற்றவற்றைப் பின்பற்றாதே என்று விடைபெறும் மாணவனுக்கு ஆசிரியரின் வாயாலேயே சொல்கிறது. இங்கும் முற்பாதியே மேடைகளில் முழங்குகிறது. இந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால், வேடர்குலச் சிறுவன் என்று ஏகலைவனை ஏற்க மறுத்துவிட்டு, பின்னர் அவன் கட்டைவிரலை மட்டும் காணிக்கையாக ஏற்ற துரோணர் எந்த வரிசையில் நிற்பார் என்பதை வாசகரே கண்டுகொள்ளலாம். விரலை வெட்டிக் கொடுத்த மாணவனின் பெருமையைப் பாடிப் பாடி, கேட்டவரின் செயலைக் கேள்விக்கு உட்படுத்தாமலே நாம் விட்டுவந்திருக்கிறோம்.

இவ்வளவு சொன்னதால் நன்னூலை முழுவதும் ஏற்றுப் போற்ற வேண்டும் என்று கருதுவாரும் இருப்பர். எமக்கு அது இயலாது. நல்லாசிரியனின் இலக்கணத்தைக் கூறும்போது அது முதலில் வைப்பது குலத்தை. யாருக்குக் கற்பிக்கலாம் என்று சொல்லுமிடத்தில் அறுவரை எண்ணுகிறது: தன் மகன், தன் ஆசிரியரின் மகன், அரசன் மகன், மிகுந்த பொருள் கொடுப்பவன், வழிபடுபவன், சொன்னதைக் கொள்ளும் ஆற்றலுடையவன். முதல் நான்கு வாயில்களிலும் தோட்டத்துப் பிள்ளை நுழைய முடியாது. 1945இல் வந்த இலவசக் கல்வி பொருளின் வாயிலைத் தேவையற்றதாக்கியது. ஆனால் இன்று பண்டாரவளையிலும் பதுளையிலும் ரியூசன் வகுப்புகள் அதே வாயிலை வேறு பெயரில் திறந்துவைத்திருக்கின்றன. எஞ்சிய இரண்டுமே எம் பிள்ளைகளுடைய வாயில்கள். அவற்றில் வழிபாடு ஏற்கெனவே அவர்கள் முதுகெலும்பில் மிகுதியாகவே ஏற்றப்பட்டிருக்கிறது. கொள்ளும் ஆற்றலை வளர்ப்பதுதான் எமக்கு மிஞ்சிய வேலை.

கற்பிக்கத் தகாதவர் பட்டியலில் இன்னோர் இடர்ப்பாடும் உண்டு. குடிகாரன், சோம்பேறி, கள்வன், நோயாளி முதலியோரோடு ‘ஏழை’ என்ற சொல்லும் அங்கே நிற்கிறது. பழந்தமிழில் அச்சொல்லுக்கு அறிவற்றவன் என்ற பொருளும் உண்டு. திருக்குறளிலும் அப்பொருளில் அது வருகிறது. ஆனால் பதினைந்து வயதுப் பிள்ளைக்கு ஏழை என்றால் தன் வீடு. இச்சொல்லைக் கடந்து செல்லும்போது வகுப்பின் முகம் மாறுவதைக் கண்டு, பாடத்தை நிறுத்திச் சொல்லின் வரலாற்றை விளக்கினோம். பலர் தேறினர்.

அன்று தன் நோட்டுப் புத்தகத்தைக் கையால் மறைத்த மாணவி மட்டும் தேறவில்லை. அவள் எழுந்து நின்றாள். “அந்தச் சொல்லுக்கு வேற அர்த்தம் இருக்கு, சரி சேர். குலத்துக்கும் வேற அர்த்தம் இருக்கா?”

இல்லை என்றோம். “அப்ப அதை ஏன் முதல்ல வச்சாரு?” என்றாள். மணி அடித்துவிட்டது. அவள் உட்காரவில்லை, வகுப்பும் எழுந்து போகவில்லை.

பவணந்தியார் வாழ்ந்த காலத்தில் கல்வி எவர் கையில் இருந்தது என்பதிலிருந்து தொடங்கினோம். அடுத்த ஆசிரியர் வந்து வாசலில் நிற்கும் வரை பேச்சு முடியவில்லை. வியாழக்கிழமை தொடர்வதாகச் சொல்லியிருக்கிறோம்.